கைக்கடிகாரமும் கைமாறும் விலையும்



பழைய பித்தளைப் பாத்திரங்களைக் கடையில் மாற்றும்போது எடையில் நேரும் இழப்பைக் குறித்துச் சென்ற திங்கள் இப்பகுதியில் எழுதியிருந்தோம். அதனைப் படித்த மெட்டுகுடா அம்மையார் ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் இல்லம் தேடி வந்தார். அவருடைய கணவர் இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். இரண்டாண்டுகளுக்கு முன் காலமானார். அம்மையார் கையில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதனுள் நான்கு கைக்கடிகாரங்கள்.

"தம்பி, பேத்திக்குக் கல்லூரி விடுதிக் கட்டணத்தில் பத்தாயிரம் ரூபாய் குறைகிறது. இந்தத் தங்கக் கடிகாரம் ஒன்றே அதற்கு ஆகும் என்று நினைக்கிறேன். மற்றவற்றையும் பார்த்துச் சொல். நேற்று ஒரு கடைக்காரர் நான்கையும் வாங்கிக்கொண்டு புதுக் கடிகாரம் ஒன்று தருவதாகச் சொன்னார். அந்தப் பழைய சாவிக் கடிகாரத்திற்கு விலையே இல்லையாம், போனால் போகிறதென்று எடுத்துக்கொள்கிறாராம்," என்றார்.

கடைக்காரர் தருவதாகச் சொன்ன புதுக் கடிகாரத்தின் விலை ஆயிரம் ரூபாய்க்கு மேல் இராது. அம்மையார் ஏற்கெனவே பாதி இசைந்துவிட்டார். எனினும் நம் சங்க இதழில் கண்டதை எண்ணி, ஒரு சொல் கேட்டுவிட்டுச் செய்வோம் என்று வந்திருந்தார்.

நாம் கடிகாரத் தொழில் கற்றவர் அல்லோம். நாளெல்லாம் நேரத்தைப் பார்த்து எழுதும் அலுவலக எழுத்தர் என்ற அளவில்தான் கடிகாரத்தோடு நமக்கு உறவு. ஆகவே அம்மையாரை அழைத்துக்கொண்டு, சிக்கந்தராபாத் மணிக்கூண்டிலிருந்து சற்று உள்ளே தள்ளிய சந்து ஒன்றில் ஐம்பது ஆண்டுகளாகக் கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவரிடம் சென்றோம். மூன்றடி அகலமுள்ள கடை. ஒரு கண்ணாடிப் பெட்டி. ஒரு மேசை விளக்கு. பெரியவர் உருதுவில் பேசுவார். நாம் நமக்குத் தெரிந்த உருதுவில் விடை கூறுவோம். அன்று அவர் அக்கடிகாரங்களைப் பார்த்த முறையும், ஒவ்வொன்றுக்கும் கூறிய காரணமும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் பயன்படும் என்பதால் ஈண்டு எழுதுகின்றோம்.

பெரியவர் முதலில் எடுத்தது அம்மையார் நம்பியிருந்த பொன்னிறக் கடிகாரம். மணி விழாவுக்கு உறவினர் அளித்தது, தோல்வார் கட்டியது, உள்ளே குவார்ட்ஸ், அதாவது பாட்டரியில் ஓடும் பொறி. நின்று சில ஆண்டுகள் ஆகியிருந்தன. பின்மூடியைத் திறந்ததும் நாமே கண்டோம். தீர்ந்துபோன பாட்டரியிலிருந்து கசிந்த உப்பு வெண்மையும் பச்சையுமாய்ப் பூத்து, உள்ளிருந்த மெல்லிய செப்புச் சுருளையும் தகட்டையும் அரித்திருந்தது.

"இதன் உள்பொறி போயிற்று. புதிய பொறி போட்டால் ஓடும். ஆனால் போட்டபின் இதை யார் வாங்குவார்?" என்றார் பெரியவர்.

"தங்கம் இருக்கிறதே?" என்று அம்மையார் வினவினார்.

பெரியவர் லென்ஸைக் கண்ணில் பொருத்திக்கொண்டு, வார் உராயும் மூலையைக் காட்டினார். பொன்னிறம் தேய்ந்து உள்ளிருந்த மஞ்சள் பித்தளை தெரிந்தது. மேலே இருந்தது பூச்சு. அக்கணக்கை நாம் அங்கேயே ஒரு தாளில் போட்டுப் பார்த்தோம். பொதுவான பொன்னிறக் கடிகாரங்களில் பூச்சின் கனம் ஒரு மைக்ரான் அளவில் இருக்கும். பலவற்றில் அதனினும் குறைவு. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. கடிகாரக் கூட்டின் பரப்பைப் பத்துச் சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், அதன்மேல் படிந்துள்ள பொன் ஏறத்தாழ 0.02 கிராம், ஓர் அரிசி மணியின் எடை. கிராமுக்குப் பதினாயிரம் ரூபாய் என்று வைத்தாலும் இருநூறு ரூபாய். அதைப் பித்தளையிலிருந்து பிரித்தெடுக்கும் செலவு அதனினும் மிகுதியாகையால், ஒரு கடிகாரத்திற்காக எவரும் அம்முயற்சியில் இறங்கார். இக்காலத்துப் பொன்னிறம் சிலவற்றில் பொன்னே இல்லை. டைட்டானியம் என்னும் உலோகத்தின் சேர்மம் ஒன்று அந்நிறத்தைத் தருகிறது.

உண்மையான பொற்கூடு வேறு. அதன் பின்மூடியின் உட்புறத்தில் 18 காரட் அல்லது 750 என்ற முத்திரை இருக்கும். 750 என்றால் ஆயிரத்தில் எழுநூற்றைம்பது பங்கு பொன். அத்தகைய கடிகாரம் ஓடாவிட்டாலும் எடைக்கு விலை உண்டு. மைக்ரான் என்ற சொல்லோ, ஜி.பி. என்ற எழுத்துகளோ பொறித்திருந்தால் அது பூச்சு என்று தெளியலாம்.

அக்கடிகாரத்திற்குப் பெரியவர் நூறு ரூபாய் மதிப்பிட்டார். அதுவும் கண்ணாடியும் கொக்கியும் வேறொன்றுக்கு உதவும் என்பதற்காக. அம்மையாரின் முகம் வாடிற்று.

இரண்டாவது, அவர் மகன் மூன்றாண்டுகளுக்கு முன் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கிய ஸ்மார்ட் கடிகாரம். கைப்பேசியோடு இணைந்து அடிகளை எண்ணுவது, நாடித் துடிப்பைக் காட்டுவது. பார்ப்பதற்குக் கீறல்கூட இல்லை. பெரியவர் அதைத் திறக்கவே இல்லை. "பாபு, இது கடிகாரம் அன்று, கையில் கட்டும் கைப்பேசி," என்றார்.

அவர் கூறியது பொருளுடைத்து. இவ்வகையில் பாட்டரி ஒட்டி மூடப்பட்டிருக்கிறது. இரண்டு மூன்று ஆண்டுகளில் அது தளர்ந்து, காலையில் ஏற்றிய மின்சாரம் மாலைக்குள் தீர்கிறது. செய்த நிறுவனம் சில ஆண்டுகளுக்குப் பின் அதற்குரிய மென்பொருளைப் புதுப்பிப்பதை நிறுத்திவிடுகிறது. மேலும், முன்னைய உடைமையாளர் தம் கணக்கிலிருந்து அதனை விடுவிக்காமல் விற்றால், சிலவகைக் கடிகாரங்கள் வாங்குபவரிடம் வேலையே செய்யா. ஆதலின் எவ்வகைக் கடிகாரத்தினும் விரைவாக விலை இறங்குவது இதுவே. பயன்பாட்டிற்காக வாங்குவதில் குற்றமில்லை. ஆனால் கொடுத்த பணம் செலவாயிற்று என்றே எழுதிக்கொள்ள வேண்டும். பழைய கைப்பேசி வாங்கும் கடையில் பின்னர் அதற்கு எண்ணூறு ரூபாய் கிடைத்தது.

மூன்றாவது கடிகாரம்தான் நமக்குப் பெரும் பாடமாயிற்று. கறுப்பு முகப்பும் வெள்ளை எண்களும் கொண்ட எச்.எம்.டி. பைலட். தகப்பனாருக்குப் பழைய எச்.எம்.டி. கடிகாரங்களில் இருந்த பற்றை அறிந்து, மகன் இணையத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கித் தந்தது. நான்கிலும் புத்தம் புதிதாய் மின்னியது அதுவே. பைலட் என்ற பெயருக்குச் சேகரிப்போரிடையே நல்ல மதிப்பு உண்டு என்று நாமும் கேள்வியுற்றிருந்தோம்.

பெரியவர் லென்ஸை நம்மிடம் கொடுத்து, "நீங்களே பாருங்கள்," என்றார். வெறுங்கண்ணுக்கு அழகாய்த் தோன்றிய எழுத்துகள் லென்ஸின் கீழ் மை பரந்து விளிம்பு கலைந்திருந்தன. நிமிடக் கோடுகள் ஒரே இடைவெளியில் இல்லை. முள்ளை நேராகப் பன்னிரண்டில் நிறுத்தியபோது அது கோட்டின் நடுவில் நில்லாமல் சற்று விலகியது. இருளில் ஒளிரும் பூச்சு முட்களில் ஒரு நிறமும் எண்களில் வேறொரு நிறமுமாய் இருந்தது. பின்மூடியோ பல்லாண்டு தேய்ந்து மழுங்கியிருந்தது. முன்புறக் கூடு நேற்றுத்தான் மெருகிட்டது போல் இருந்தது.

"உள்ளே இருக்கும் பொறி எச்.எம்.டி.தான். அதில் பொய் இல்லை. ஆனால் முகப்பைச் சுரண்டி மறுவண்ணம் பூசி அச்சிட்டிருக்கிறார்கள். கூடு ஒன்று, முள் ஒன்று, பொறி ஒன்று என்று மூன்று கடிகாரங்களைச் சேர்த்து ஒன்றாக்கியது. ஓடும். நேரம் காட்டும். ஆனால் விவரம் அறிந்தவர் வாங்கமாட்டார். உதிரிப் பாகத்திற்கு ஐந்நூறு ரூபாய்," என்றார் பெரியவர்.

இத்தகைய கலப்புக் கடிகாரங்கள் இணையத்தில் ஏராளம். சிவப்பு, பச்சை, நீலம் என்று கண்ணைப் பறிக்கும் முகப்புகளோடு, நாற்பது ஐம்பது ஆண்டுப் பழையது என்ற பெயரில் வருகின்றன. பழைய பொருள் புதிதாய்த் தோன்றினால் மகிழ்வதற்கு முன் ஐயுறுதல் வேண்டும்.

இரயில்வேக் குடும்பங்களுக்கு இதில் ஒரு தனி எச்சரிக்கை கூற விரும்புகின்றோம். பின்புறத்தில் இரயில் எஞ்சின் உருவமும், பழைய இரயில்வே நிறுவனங்களின் பெயரும் பொறித்த சட்டைப்பைக் கடிகாரங்கள் சந்தைகளில் விற்கின்றன. வியாழக்கிழமைதோறும் கூடும் ஜுமேராத் பஜாரிலும், எர்ரகட்டா ஞாயிற்றுச் சந்தையிலும் நாம் பல கண்டோம். கார்டுகளுக்கு மெய்யாகவே வழங்கப்பட்ட பழைய கடிகாரங்கள் உண்டு. அவற்றுக்கு விலையும் உண்டு. ஆனால் சந்தையில் குவியலாய்க் கிடப்பவற்றுள் மிகப்பல அண்மையில் செய்யப்பட்ட அலங்காரப் பொருள்கள். பழைய கடிகாரம் ஒன்றில் நிறுவனப் பெயர் ஆழமாகவும் சீராகவும் வெட்டப்பட்டு, பொறியிலும் கூட்டிலும் தேய்மானம் ஒத்திருக்கும். பெயர் மட்டும் கூர்மையாய், மற்றவை அழுக்காய் இருப்பின் அதனை விட்டு அகல்வதே நலம்.

இறுதியாகப் பெட்டியின் மூலையில் கிடந்த சாவிக் கடிகாரத்தைப் பெரியவர் எடுத்தார். கடைக்காரர் விலையில்லை என்று தள்ளியது அதுவே. எச்.எம்.டி. ஜனதா, 17 கல் பதித்த பொறி, நாள்தோறும் காலையில் சாவி கொடுக்க வேண்டியது. அம்மையாரின் கணவர் 1976 ஆம் ஆண்டில், பணியில் சேர்ந்த புதிதில், சென்னையில் வாங்கியது. வெள்ளை முகப்பு பழுத்து இளமஞ்சளாய் மாறியிருந்தது. கூட்டின் விளிம்பில் குரோமியப் பூச்சு ஆங்காங்கே புள்ளி விழுந்திருந்தது. கண்ணாடியில் கீறல்கள்.

பெரியவர் சாவியை எட்டுப் பத்து முறை திருகிக் காதருகே வைத்தார். முகம் மலர்ந்தது. பின்மூடியைத் திறந்து லென்ஸால் நெடுநேரம் பார்த்தார்.

"யாரும் தொடாத கடிகாரம். முகப்பு பிறந்தபோது இருந்தது. முள்ளும் அதுவே. சாவித் தலைகூட மாற்றவில்லை. எண்ணெய் உலர்ந்திருக்கிறது, கழுவி எண்ணெய் இட்டால் போதும். நானே ஆயிரத்தைந்நூறு தருகிறேன். ஆனால் பொறுத்திருந்து, விரும்புகிறவரிடம் விற்றால் கூடுதலாய்க் கிடைக்கும்," என்றார்.

ஒரு கடைக்காரர் இலவசமாய் எடுத்துக்கொள்ள எண்ணிய பொருளுக்கு இவர் ஏன் ஆயிரத்தைந்நூறு தர முன்வந்தார்? விலை நிற்பதும் விழுவதும் எதனால் என்பது அவ்விடையில் அடங்கியிருக்கிறது.

முதற்காரணம், அதனைப் பழுதுபார்க்க முடியும் என்பது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு 1961 இல் பெங்களூரில் எச்.எம்.டி. கைக்கடிகாரத் தொழிற்சாலை அமைந்தது. ஜனதா, பைலட் முதலிய பல வடிவங்களுக்கு உள்ளிருக்கும் பொறி ஒன்றே. முகப்பும் கூடும்தான் வேறு. ஆகையால் ஒன்றின் பல்சக்கரம் மற்றொன்றுக்குப் பொருந்தும். நாட்டின் எந்த ஊரிலும் அதனைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவர் உளர். நாளை ஓட வைக்க முடியும் என்ற உறுதி இருப்பதால்தான் இன்று ஒருவர் பணம் கொடுக்கின்றார்.

இரண்டாவது காரணம், இனி அது செய்யப்படாது என்பது. 1969 ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானின் செய்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. மலிவாகவும் துல்லியமாகவும் நேரம் காட்டும் அவ்வகை உலகெங்கும் பரவிற்று. நம் ஒசூரில் டாட்டாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூடி நிறுவிய டைட்டன், 1987 முதல் குவார்ட்ஸ் கடிகாரங்களை நாடெங்கும் விற்றது. சாவிக் கடிகாரம் பின்தங்கிற்று. எச்.எம்.டி.யின் கைக்கடிகார நிறுவனத்தை மூடுவதற்கு 2016 ஆம் ஆண்டு சனவரியில் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. தாய் நிறுவனம் அப்பெயரில் சில கடிகாரங்களைப் பின்னரும் விற்று வருகிறது. ஆனால் பழைய ஜனதா அப்படியே திரும்பி வரவில்லை. தகப்பனார் கையில் கண்ட கடிகாரத்தை இன்று மகன் தேடுகின்றான். அத்தேட்டமே விலை.

குவார்ட்ஸ் கடிகாரம் நேரம் காட்டுவதில் சாவிக் கடிகாரத்தை வெல்லும். ஒரு மாதத்தில் சில விநாடிகளே பிறழும். எனினும் அதேபோன்ற புதியது அடுத்த கடையில் மலிவாகக் கிடைக்கும்போது பழையதை யார் நாடுவார்? நல்ல உழைப்புக்குக் குவார்ட்ஸ் ஏற்றது, மறுவிலைக்கு ஏற்றதன்று.

மூன்றாவது காரணம், மாற்றப்படாமை. நாம் வீட்டுப் பாத்திரத்தைத் துலக்குவது போல் கடிகாரத்தையும் துலக்கினால் விலை ஏறும் என்று எண்ணுகின்றோம். உண்மை நேர்மாறானது. பழுத்த முகப்பை மறுவண்ணம் பூசினால் விலை பாதியாகும். கூட்டை மெருகிட்டால் அதன் கூரிய விளிம்புகள் மழுங்கும். குரோமியப் பூச்சும் பெயரும். கண்ணாடி மாற்றுவதில் மட்டும் குற்றமில்லை. அது தேயும் பொருள் என்று எவரும் ஏற்பர்.

இக்காரணங்களைக் கொண்டு மற்ற வகைகளையும் நாம் எடை போடலாம். வட்ட வடிவம், எஃகுக் கூடு, தெளிவான முகப்பு, பெயர்பெற்ற நிறுவனத்தின் இயந்திரப் பொறி: இவை கொண்ட கடிகாரம் விலையை ஓரளவு காக்கும். எஃகு தேய்ந்தாலும் எஃகே. பூச்சு தேய்ந்தால் பித்தளை. எளிய வட்ட முகப்பு முப்பது ஆண்டுக்குப் பின்னும் பழமையாய்த் தோன்றாது. அந்தந்த ஆண்டின் புதுமைக்காகச் செய்த பெரிய முகப்பும், கோணல் வடிவமும், கல் பதித்த அலங்காரமும் ஐந்தாண்டில் அலுத்துவிடும். உடைகளுக்குப் பெயர்பெற்ற நிறுவனங்கள் தம் பெயர் பொறித்து விற்கும் அலங்காரக் கடிகாரங்களில் நாம் கொடுப்பது பெரும்பாலும் பெயருக்கான விலை. கடையை விட்டு இறங்கியதும் அதில் பெரும்பகுதி போய்விடும். பெண்டிர்க்கென்று முன்னாளில் செய்த சிறிய சாவிக் கடிகாரங்கள் நுட்பத்தில் குறைந்தவை அல்ல. ஆயினும் அச்சிறு அளவை இன்று அணிவோர் அரியராகையால் விலை குறைவு. அவற்றை நினைவுக்காக வைத்துக்கொள்வதே தகும்.

வளைகுடா நாடுகளில் பணிபுரியும் உறவினர் மூலம் உயர்ந்த சுவிஸ் கடிகாரம் வாங்க எண்ணும் அன்பர்களுக்கு ஒரு சொல். ரோலக்ஸ் நிறுவனத்தின் எஃகுக் கடிகாரங்களில் சில, கடை விலையினும் மிகுதியாகக் கைமாறுவது உண்மையே. கேட்போர் பலராகவும் கடையில் கிடைப்பது அரிதாகவும் இருப்பதே காரணம். ஆனால் அவ்விலைகள் 2022 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் உச்சத்தை எட்டிப் பின் இறங்கின. உச்சத்தில் வாங்கியோர் இழந்தனர். அந்த ஒரு பெயரைக் கண்டு, சுவிஸ் நாட்டில் செய்தவை யாவும் விலை ஏறும் என்று எண்ணுவது பெரும் பிழை. சுவிஸ் கடிகாரங்களிலும் பெரும்பாலானவை முதற்கைமாற்றில் கணிசமாக இறங்குகின்றன. அந்த இறக்கத்திற்குப் பின் இரண்டாம் கையாக வாங்குபவரே இலாபம் உடையவர். கடையிற் பதித்த வைரம் அல்லாமல் பின்னர் வெளியே பதித்த வைரம் விலையைக் கூட்டாது, குறைக்கும்.

இனி அம்மையாரின் கணக்கிற்கு வருவோம். ஜனதாவைப் பெரியவரிடமே கழுவி எண்ணெய் இடக் கொடுத்தோம். கூலி அறுநூறு ரூபாய். முகப்பையும் கூட்டையும் தொட வேண்டா என்று சொன்னபோது அவர் நகைத்தார். நமக்கு அவர் கற்பித்ததை அவருக்கே நாம் சொன்னோமல்லவா? ஒரு வாரத்தில் கடிகாரம் வந்தது. காலையில் முழுச் சாவி கொடுத்து நம் அலுவலகக் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தோம். மறுநாள் மாலை கடந்தும் ஓடிற்று. இருபத்துநான்கு மணியில் அரை நிமிடம்தான் முந்திற்று. இவ்வயதுக் கடிகாரம் ஒன்றரை நாள் ஓடி, நாளுக்கு ஒரு நிமிடத்திற்குள் பிறழ்ந்தால் நல்ல நிலை என்று கொள்ளலாம்.

அதற்கிடையே அம்மையார் வீட்டில் ஒரு புதையல் கிட்டியது. அவருடைய கணவர் சம்பளச் சீட்டுகளையும் தவணைச் சீட்டுகளையும் ஒழுங்காகக் கட்டி வைத்தவர். அக்கட்டினுள் 1976 ஆம் ஆண்டுக் கடிகார ரசீது இருந்தது. மைலாப்பூரில் வாங்கியது; நூற்றுச்சொச்சம் ரூபாய்; தேதியும் கையொப்பமும் தெளிவாய் இருந்தன. மாதப்பூரில் மென்பொருள் பணி புரியும் இளைஞர் ஒருவர், பழைய எச்.எம்.டி. சேகரிப்பவர், பெரியவர் மூலம் வந்தார். கடிகாரத்திற்கு இரண்டாயிரத்தைந்நூறு பேசியவர், ரசீதைக் கண்டதும் மூவாயிரம் தருவதாகச் சொன்னார். பொருள் இன்னாருடையது, இன்ன நாளில் இன்ன இடத்தில் பிறந்தது என்று அத்தாள் சான்று கூறுகிறதல்லவா! திருட்டுப் பொருளோ என்ற ஐயமும் அதனால் நீங்குகிறது.

அம்மையார் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பின்னர், "அவர் கையில் இருந்ததைப் பாதுகாப்பாய் என்றால் கொடுக்கிறேன், அப்பா," என்று அவ்விளைஞரிடம் கூறினார். அவர் அதனை அங்கேயே தம் கையில் கட்டிக்கொண்டார்.

ஆக, ஜனதா மூவாயிரம், அதிற் கூலி அறுநூறு போக இரண்டாயிரத்து நானூறு. கலப்புப் பைலட் ஐந்நூறு. ஸ்மார்ட் கடிகாரம் எண்ணூறு. பொன்னிறக் கடிகாரம் நூறு. மொத்தம் மூவாயிரத்து எண்ணூறு ரூபாய். பத்தாயிரம் தேவைக்கு இது போதவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. எஞ்சிய ஆறாயிரத்து இருநூறை அம்மையார் தம் மகனிடம் கேட்டுப் பெற்றார். எனினும் முதற்கடைக்காரரின் பேச்சுக்கு இசைந்திருந்தால் ஆயிரம் ரூபாய்ப் புதுக் கடிகாரம் ஒன்றுதான் எஞ்சியிருக்கும். அதுவும் மறுநாளே பாதி விலைக்கு இறங்கியிருக்கும்.

விலை காக்கும் கடிகாரம் என்ற சொல்லின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். 1970களின் நடுவில் பத்துக் கிராம் தங்கம் ஐந்நூறு ரூபாய்ச் சுற்றில் விற்றது. 2025 இல் அது ஓர் இலட்சத்தைத் தாண்டிற்று. ஜனதாவிற்குக் கொடுத்த நூற்றுச்சொச்சத்திற்கு அன்று இரண்டு கிராம் தங்கம் வாங்கியிருந்தால், அது இருபதாயிரத்திற்கும் மேலாகியிருக்கும். நாற்பது ஆண்டு கையில் கட்டி, நேரம் பார்த்து, வண்டி தவறாமல் பணிக்குச் சென்ற பயனும் கிடைத்து, இறுதியில் மூவாயிரமும் கிடைத்தது என்பதே கடிகாரத்தின் கணக்கு. சேமிப்புக்குக் கடிகாரம் வாங்குதல் கூடாது. வாங்கத்தான் போகிறோம் என்னும்போது எது குறைவாய் இழக்கும் என்று பார்த்து வாங்கலாம்.

வீட்டில் பழைய கடிகாரம் உள்ள அன்பர்கள் இவ்வளவு செய்தால் போதும். பாட்டரிக் கடிகாரம் நின்றுவிட்டால் அன்றே பாட்டரியை எடுத்துவிடச் செய்யுங்கள். சாவிக் கடிகாரத்தை நீங்களே திறக்காதீர்கள், துலக்காதீர்கள். விற்க எண்ணினால் இரண்டு இடங்களில் தனித்தனியே விலை கேளுங்கள். நான்கையும் சேர்த்து ஒரு விலை சொல்பவரிடம் ஒவ்வொன்றுக்கும் விலை கேளுங்கள். அங்கேதான் உண்மை வெளிப்படும்.

தை பிறந்தால் நம் இல்லங்களில் திருமணங்கள் வரும். மாப்பிள்ளைக்குக் கடிகாரம் வாங்கும் வழக்கமும் வரும். பொன்னிறம் வேண்டும் என்று பெரியோர் கூறுவர். பொன் வேண்டுமாயின் பொன்னாகவே ஒரு மோதிரம் போடுங்கள். கடிகாரம் எஃகாக இருக்கட்டும். வாங்கிய ரசீதை மாப்பிள்ளை தொலைத்துவிடுவார். பெண்ணிடம் கொடுத்து வையுங்கள்.